எரிந்த கொயிலுக்கு எத்தனை கிராம் வயர்?

அண்ணை, 26 கேஜ் கொயில் ஒன்று. 1200 சுற்று, உள்விட்டம் 40, வெளிவிட்டம் 64 மில்லிமீட்டர். சுன்னாகத்துக் கடையில் எத்தனை கிராம் வயர் கேட்க?

இரண்டு விட்டத்தையும் கூட்டிப் பாதியாக்கு: 52. அதை 3.14 ஆல் பெருக்கினால் ஒரு சுற்று சராசரி 163 மில்லிமீட்டர். 1200 சுற்றுக்கு ஏறக்குறைய 196 மீட்டர். உள்விட்டத்தை மட்டும் எடுத்தால் 151 மீட்டர்தான் வரும், பாதி இரவில் வயர் முடிந்துபோகும், எனக்கே நடந்திருக்கு.

எடைக்கு: மீட்டருக்குக் கிராம் = 7.04 × தடிப்பு × தடிப்பு, தடிப்பு மில்லிமீட்டரில். 26 கேஜ் 0.457. மீட்டருக்கு 1.47 கிராம், மொத்தம் 288. நுனி, அறுகிறது எல்லாத்துக்குமாக 320 வாங்கு.

வெளிச்சுற்றில்தானே வயர் கூடப் போகும்? அப்ப சராசரி குறைச்சுத்தான் காட்டும்.

வெளியே கூடுறது சரி. ஆனால் உள்ளே அதே அளவு குறையுதே. ஒவ்வொரு அடுக்கிலும் சுற்று எண்ணிக்கை ஒன்றாக இருந்தால் கணக்கு நேராகும். வெளியே போகப் போக ஒடுங்கும் கொயிலில் நீங்கள் சொல்வதற்கு எதிர்மாறு: சராசரி கூட்டிக் காட்டும்.

அதே வயரின் தடிப்பை நான் அளந்தால் 0.51 வருது. 360 கிராம் என்று வந்துட்டுது.

வார்னிஷோடு அளந்திருக்கிறீர்கள், தங்கச்சி. நுனியை லைட்டரில் காட்டி, கரியைத் துணியால் துடைத்துவிட்டு மைக்ரோமீட்டரில் அளவுங்கள். தடிப்பு இரண்டு தரம் பெருக்கப்படுவதால் 0.02 பிழைத்தாலே எடை 9 சதவீதம் மாறும். வார்னிஷுக்கும் எடை உண்டு, ஆனால் செம்புக்கு முன்னால் அது சொற்பம்.

கிணற்று மோட்டர் ஸ்டேட்டர் உள்விட்டம் 90. இதே கணக்குப் போடலாமா?

கூடாது. அது ஸ்டேட்டரின் விட்டம், கொயிலின் விட்டம் இல்லை. அந்தக் கொயில் வட்டமும் இல்லை. பழைய கொயிலின் நடுவால் நூலை ஒரு முறை சுற்றி நீளத்தை அள, அதுதான் உன் சராசரி. ஸ்டார்ட்டிங், ரன்னிங் இரண்டுக்கும் பெரும்பாலும் கேஜ் வேறு, தனித்தனியே கணக்குப் போடு.

அண்ணை, திரும்பவும் நான்தான், 1200 சுற்றுக்காரன். பழைய கொயிலைத் தராசில் வைத்தேன், 245 கிராம்தான்!

அப்படியென்றால் சுற்று குறைவு, இல்லாட்டி வயர் மெல்லிசு. நீ சொன்னபடி இருந்தால் ஏறக்குறைய 20.5 ஓம் வரவேணும். மீட்டரில் 17.5 காட்டினால் சுற்று 1020 அளவில்; 24 காட்டினால் வயர் 0.42 அளவில். ஆனால் உன்னுடையது எரிந்த கொயில். சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தாலும் ஓம் குறையும். 17.5 வந்தால் உடனே நம்பாதே, அவிழ்த்து எண்ணு.