பத்து மணிக் கஞ்சியும் மேஜையின் வெள்ளை வட்டங்களும்

கேள்வி: கல்யாணத்துக்கு அப்பா செய்து கொடுத்த தேக்கு மேஜை. தச்சர் கையால் போட்ட அரக்கு பாலிஷ். மாமியார் ராத்திரி பத்து மணிக்குத் தனியாகக் கஞ்சி சுடவைத்துக் குடிக்கும்போது கிண்ணத்தை அப்படியே வைத்துவிடுகிறார். அவர் உட்காரும் ஓரத்தில் ஏழெட்டு வெள்ளை வட்டங்கள், ஒன்று மட்டும் கறுப்பு. டூத்பேஸ்ட் தேய்த்தும் போகவில்லை. என்ன செய்வது? - பெயர் வேண்டாம், மதுரை

பதில்: வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுப் படுத்த பிறகு ஒரு வயதான அம்மா ஏன் தனியாக அடுப்பைப் பற்றவைக்கிறார்? கறையைப் பற்றி இத்தனை எழுதிய நீங்கள், அதை ஒரு வார்த்தையில் கடந்து போகிறீர்கள். எனக்கு அதுதான் உறுத்துகிறது. நடுங்கும் கையில் சுடும் கிண்ணத்தைப் பிடித்தபடி அவர் பிரிமணையைத் தேடிக்கொண்டிருக்க முடியுமா? இன்றைக்கு எட்டரை மணிக்கு அவருடைய கஞ்சியை நீங்களோ உங்கள் கணவரோ சுடவைத்து, எல்லோரும் சேர்ந்து உட்காருங்கள். பெற்றவளுக்குக் கஞ்சி சுடவைப்பது மகனுக்கும் கடமைதான்.

சரி, மேஜைக்கு வருவோம். வெள்ளை வட்டம் மரத்தில் இல்லை, பாலிஷுக்குள் இருக்கிறது. சூட்டில் அரக்கு இளகும்போது கிண்ணத்தடியில் இருந்த ஈரம் உள்ளே போய்ச் சிக்கிக்கொள்கிறது. அதை வெளியேற்றவும் இளஞ்சூடுதான் வேண்டும். பழைய பருத்தி வேட்டியை நாலாக மடித்து வட்டத்தின் மேல் போடுங்கள். இஸ்திரிப் பெட்டியில் தண்ணீர் இருந்தால் கொட்டிவிட்டு, ஆகக் குறைந்த சூட்டில் வைத்து, துணியின் மேல் ஐந்தாறு விநாடி நகர்த்தி எடுத்துப் பாருங்கள். வெண்மை மங்கியிருந்தால் மேஜை ஆறியதும் இன்னொரு முறை செய்யலாம். துணி லேசாக ஒட்டினாலும் உடனே நிறுத்துங்கள், பாலிஷ் உருகுகிறது என்று அர்த்தம். அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினால் துணியின் நெசவு மேஜையில் பதிந்துவிடும். அப்புறம் முழுப் பலகைக்கும் பாலிஷ் போட வேண்டியதுதான்.

லேசான மங்கல் மிச்சம் இருந்தால், சலித்த விபூதி ஒரு சிட்டிகையைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து, மரத்தின் ரேகை போகும் திசையிலேயே மெல்லத் தேய்த்துத் துடையுங்கள். டூத்பேஸ்ட் இனி வேண்டாம். நீங்கள் அழுத்தித் தேய்த்த இடம் இந்நேரம் பளபளப்பு இழந்திருக்கும்.

கறுப்பு வட்டம் இதற்கெல்லாம் அசையாது. அங்கே தண்ணீர் பாலிஷைத் தாண்டி மரத்துக்குள்ளேயே இறங்கிவிட்டது. தச்சரைக் கூப்பிடுங்கள். அந்த இடத்துப் பாலிஷைச் சுரண்டி, ஆக்ஸாலிக் அமிலக் கரைசலால் கறையை வெளுத்து, நன்றாகக் கழுவிக் காயவிட்டுத் திரும்ப அரக்கு ஏற்றுவார். அந்த அமிலம் விஷம், நீங்கள் கை வைக்காதீர்கள். அவர் வேலையை முடித்து அரக்கு நன்றாக இறுகும்வரை மாமியாரை மேஜையின் நடுவில், உங்கள் பக்கத்தில் உட்கார வையுங்கள். பிரிமணை அவர் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.