பிளிக்கர்ஸ் அட்டையை போன் பாதிதான் படிக்கிறது

"ப்ரொஜெக்டர் வெள்ளிக்கிழமை மட்டும்தான் ஏழாம் வகுப்புக்குக் கிடைக்கிறது. அன்று பிளிக்கர்ஸ் வைத்தால் 38 பேரில் பாதிப் பேர் அட்டையைத்தான் போன் படிக்கிறது. என்ன செய்ய?"

வெள்ளிக்கிழமைக்குக் காத்திருக்க வேண்டாம் டீச்சர். கேள்வியையும் நான்கு விடைகளையும் கரும்பலகையில் எழுதுங்கள். பிள்ளைகள் தங்கள் விடைக்கு ஏற்ப அட்டையைத் திருப்பிப் பிடிப்பார்கள், போன் கேமரா அதைப் படித்து யார் என்ன சொன்னார் என்று காட்டும்; இந்த பிளிக்கர்ஸ் செயலிக்கு உங்கள் போனும் பிள்ளைகள் கையில் அட்டையும் போதும்.

அட்டை படிக்காததற்குக் காரணம் பெரும்பாலும் லேமினேஷன். நம் ஊர் வகுப்பறையில் ஜன்னல் வெளிச்சம் நேராக விழும். பளபளப்பில் கறுப்புக் கட்டம் வெளுத்துப்போகும். பிள்ளைகளின் விரல் கட்டத்தின் மேல் இருந்தாலும் படிக்காது.

ஐந்து பேருக்கு மட்டும் லேமினேட் செய்யாத அட்டை கொடுத்து, கடைசி பெஞ்சில் உட்கார வைத்து, ஓரத்தை மட்டும் பிடிக்கச் சொல்லுங்கள். ஐந்தும் வந்துவிட்டால் பழுது போனில் இல்லை. மற்றதையும் சாதா கெட்டி அட்டையில் அச்செடுத்துவிடலாம்.

நான் மண் பாடத்தில் "எந்த மண்ணில் தண்ணீர் அதிக நேரம் நிற்கும்?" என்று கேட்டேன். வயல் வீட்டுப் பிள்ளைகள்தான், களிமண் என்பார்கள் என்று நினைத்தேன். போன் திரையில் வரிசையாகச் சிவப்பு, அதாவது தவறான விடை. பலர் வண்டல் என்று திருப்பியிருந்தார்கள். "ஆற்று மண்தானே சார், அதில்தானே தண்ணி இருக்கு" என்றாள் ஒருத்தி. வாய்வழிக் கேள்வியில் அந்தக் குழப்பம் எனக்குத் தெரிந்தே இருக்காது. இரண்டு பாட்டிலை வெட்டி, மண் நிரப்பி, தண்ணீர் ஊற்றிக் காட்டினேன்.

இரண்டு விஷயம்: போனில் நெட் வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அட்டை எண் உண்டு; பிள்ளைகளுக்குள் அட்டை மாறிப்போனால், ஒருவர் விடை இன்னொருவர் பெயரில் ஏறிவிடும். எண்ணை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.