நிஃப்டியில் அயர்ன் காண்டர்: விங் எவ்வளவு, கிரெடிட் எவ்வளவு, போனால் எவ்வளவு?

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை அயர்ன் காண்டரைப் பற்றியவை. சந்தை ஒரு எல்லைக்குள்ளேயே நிற்கும் என்று நம்பி, கீழே ஒரு புட்டையும் மேலே ஒரு காலையும் விற்று, இன்னும் தள்ளி ஒவ்வொன்றைப் பாதுகாப்புக்கு வாங்கி வைப்பதுதான் அது. அப்படி வாங்கி வைப்பதுதான் விங், விற்றதிலிருந்து அது இருக்கும் தூரம் விங்கின் அகலம். பதில்களைத் தொடர்ந்து படிக்க வசதியாக ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம். நிஃப்டி 25,000-ல் இருக்கிறது, சில வாரங்களாக 24,600-க்கும் 25,400-க்கும் நடுவே போய்ப் போய்த் திரும்புகிறது, எக்ஸ்பைரிக்கு 12 நாள் இருக்கிறது. கீழே 24,500 புட்டை 64 ரூபாய்க்கு விற்று, 24,300 புட்டை 38-க்கு வாங்குகிறோம். மேலே 25,500 கால் ஆப்ஷனை 52-க்கு விற்று, 25,700 கால் ஆப்ஷனை 28-க்கு வாங்குகிறோம். புட் பக்கம் கையில் வந்தது 26, கால் பக்கம் 24, மொத்தம் 50 ரூபாய். ஒரு லாட் 65 என்பதால் 3,250 ரூபாய் கிரெடிட். விலைகள் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை. ஆனால் சந்தை எதிர்பார்க்கும் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் இந்தியா விக்ஸ் 12, 13-ல் இருக்கும்போது திரையில் இதற்குப் பக்கத்தில்தான் பார்ப்பீர்கள்.

இரண்டு பக்கமும் 200 புள்ளி விங். அப்படியானால் அதிகபட்ச நஷ்டம் 400-லிருந்து 50-ஐக் கழித்து 350 தானே?

இல்லை, 150 தான். எக்ஸ்பைரி அன்று நிஃப்டி ஒரே ஒரு இடத்தில்தான் முடியும். 24,300-க்குக் கீழே முடிந்தால் புட் பக்கம் 200 போகும், கால் பக்கம் முழுதாக மதிப்பிழந்து நமக்கே நிற்கும். மேலே போனால் இதற்கு நேர்மாறு. அதனால் ஒரு பக்க விங்கின் அகலத்திலிருந்து மொத்தக் கிரெடிட்டைக் கழித்தால் போதும்: 200 கழித்தல் 50, 150 புள்ளி. லாட்டுக்கு 9,750 ரூபாய். லாபமும் நஷ்டமும் பிரியும் இடங்கள் 24,450-ம் 25,550-ம்.

இரண்டு பக்கமும் அகலம் வேறாக வைப்பவர்கள் பெரிய பக்கத்தை வைத்துக் கணக்குப் போட வேண்டும். புட் பக்கம் 300, கால் பக்கம் 200 என்றால், 300-லிருந்து மொத்தக் கிரெடிட்டைக் கழித்தது தான் உங்கள் அதிகபட்ச நஷ்டம். இரண்டின் சராசரியை எடுத்துப் பார்ப்பதில் பயனில்லை.

விங்கை 100 வைப்பதா, 200 வைப்பதா, 400 வைப்பதா? குறுகினால் நஷ்டம் குறையும் என்கிறார்களே?

லாட்டுக்கு நஷ்டம் குறையும், உண்மை. ஆனால் லாட்டின் எண்ணிக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். விற்கும் ஸ்ட்ரைக்குகளை மாற்றாமல் விங்கை மட்டும் நகர்த்திப் பார்ப்போம்.

100 புள்ளி விங்குக்கு 24,400 புட்டை 50-க்கும் 25,600 காலை 38-க்கும் வாங்க வேண்டும். கிரெடிட் 28, நஷ்டம் 72. 400 புள்ளி விங்குக்கு 24,100 புட் 22, 25,900 கால் 12 என்று வைத்துக்கொண்டால் கிரெடிட் 82, நஷ்டம் 318. அகலத்தில் எத்தனை சதவீதம் கிரெடிட்டாக வருகிறது என்று பாருங்கள்: 100-க்கு 28 சதவீதம், 200-க்கு 25, 400-க்கு 20 சொச்சம். குறுகிய விங்கில் விகிதம் நன்றாகத் தெரியும். அதைப் பார்த்துத்தான் பலரும் இரண்டு லாட், மூன்று லாட் என்று ஏற்றிவிடுகிறார்கள்.

இரண்டு லாட் 100 விங்கையும் ஒரு லாட் 200 விங்கையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். முதலாவதில் கிரெடிட் 3,640, நஷ்டம் 9,360. இரண்டாவதில் 3,250-ம் 9,750-ம். காகிதத்தில் குறுகியது 390 ரூபாய் முன்னால் நிற்கிறது. ஆனால் காண்டரில் இருக்கும் ஒவ்வொரு ஆப்ஷனும் ஒரு லெக்: உள்ளே போக நான்கு லெக், வெளியே வர நான்கு லெக். ஒவ்வொன்றிலும் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் 50 பைசா போனாலும் யூனிட்டுக்கு 4 ரூபாய். 200 விங்கில் அது 50-ல் 4. 100 விங்கில் 28-ல் 4, அதுவும் இரண்டு லாட்டுக்கு. அந்த 390 ரூபாயில் 260 இதிலேயே கரைந்துவிடுகிறது. இன்னொன்று, குறுகிய விங்கில் நிஃப்டி 24,400-ஐத் தொட்டு முடிந்தாலே முழு நஷ்டம். 200 விங்கில் அதே இடத்தில் பாதி அகலம்தான் போயிருக்கும், கிரெடிட்டைக் கழித்தால் நஷ்டம் 50 புள்ளி.

400 விங்கின் குணம் வேறு. லாபம் வரும் எல்லை இரண்டு பக்கமும் 32 புள்ளிதான் கூடுகிறது, அதற்கு 168 புள்ளி கூடுதல் நஷ்டத்தை ஏற்கிறோம். தூரத்து விங் மலிவாகக் கிடைப்பதால் கிரெடிட் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும், ஆனால் போக்கில் அது விங்கே இல்லாமல் புட்டையும் காலையும் விற்கும் ஸ்ட்ராங்கிள் போலவே நடந்துகொள்ளும். சிறிய கணக்கு வைத்திருப்பவருக்கு 12 நாள் எக்ஸ்பைரியில் 150-லிருந்து 250 வரையான விங்கைத்தான் நான் சொல்வேன். முதலில் ஒரு வியாபாரத்தில் எவ்வளவு போனால் தாங்கும் என்று ரூபாயில் முடிவு செய்துகொள்ளுங்கள். விங்கும் லாட்டும் அதிலிருந்து வரட்டும்.

50 ரூபாய் கிரெடிட் போதுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

50 சம்பாதிக்க 150-ஐப் பணயம் வைக்கிறீர்கள். மூன்று முழு லாபத்தை ஒரு முழு நஷ்டம் தின்றுவிடும். முழு லாபம், முழு நஷ்டம் இரண்டே நடக்கும் என்றால் நான்கில் மூன்று முறை ஜெயித்தால்தான் கணக்கு சரியாக இருக்கும். ஒரு ஸ்ட்ரைக்கைத் தாண்டி நிஃப்டி முடியும் வாய்ப்பைத் தோராயமாகக் காட்டுவது டெல்டா; நாம் விற்ற ஸ்ட்ரைக்குகளுக்கு அது 0.20, 0.18 என்று இருக்கும். இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 38 சதவீதம் வாய்ப்பில் நிஃப்டி வெளியே முடியும் என்கிறது சந்தை. 62 சதவீதம்தான் உள்ளே. ஆனால் வெளியே முடிவதெல்லாம் முழு நஷ்டம் இல்லை. விற்ற ஸ்ட்ரைக்குக்கும் விங்குக்கும் நடுவே முடிந்தால் கொஞ்சம்தான் போகும், சில சமயம் லாபமே மிஞ்சும். இதையெல்லாம் கூட்டிக் கழித்தால் சந்தை தரும் விலை கிட்டத்தட்ட நியாயமானது. அதாவது காண்டர் போடுவதாலேயே லாபம் இல்லை. சந்தை எதிர்பார்ப்பதைவிட நிஃப்டி குறைவாக நகர்ந்தால்தான் லாபம்.

சார்ட்டில் நிஃப்டி பெட்டிக்குள் சுற்றுவது உங்களுக்குத் தெரிவது போலவே ஆப்ஷன் விற்கும் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் பிரீமியம் ஏற்கெனவே இறங்கியிருக்கும். நான் செய்வது இது: 25,000 காலையும் புட்டையும் கூட்டிப் பார்ப்பேன். இந்த உதாரணத்தில் 440 ரூபாய்க்குப் பக்கத்தில் வரும். அதுதான் எக்ஸ்பைரிக்குள் சந்தை எதிர்பார்க்கும் நகர்வு. விற்கும் ஸ்ட்ரைக் அதற்கு வெளியே இருக்க வேண்டும், நமக்கு 500-ல் இருக்கிறது. அப்புறம், கடந்த ஓராண்டை எடுத்து, ஒவ்வொரு 12 நாள் முடிவிலும் நிஃப்டி தொடங்கிய இடத்திலிருந்து 2.2 சதவீதத்துக்கு மேல், அதாவது நம் 550 புள்ளிக்கு மேல், எத்தனை முறை தள்ளி நின்றது என்று எண்ணுங்கள். ஒரு மாலை வேலைதான். நான்கில் ஒரு முறைக்கு மேல் வந்தால் 50 ரூபாய் போதாது, அந்த வாரத்தை விட்டுவிடுங்கள். நடுவில் பட்ஜெட்டோ ரிசர்வ் வங்கிக் கூட்டமோ இருந்தால் பழைய கணக்கை அதற்கு நம்ப வேண்டாம்.

கிரெடிட் போதவில்லை என்று விற்கும் ஸ்ட்ரைக்கை உள்ளே இழுப்பவர்கள்தான் அதிகம் அடிபடுகிறார்கள்.

9,750 தானே போகும்? அப்புறம் ஏன் புரோக்கர் அதைவிடப் பல மடங்கு பணத்தை நிறுத்திவைக்கிறார்?

விங் இருப்பதால், மோசமான நகர்வில் எவ்வளவு போகும் என்று பார்த்து வாங்கும் ஸ்பான் மார்ஜின் நன்றாகக் குறையும். ஆனால் விற்ற லெக்குகளுக்கு ஒப்பந்த மதிப்பில் 2 சதவீதம் எக்ஸ்போஷர் மார்ஜின் தனி. 25,000 பெருக்கல் 65 என்றால் மதிப்பு 16.25 லட்சம், அதில் 2 சதவீதம் 32,500. விற்றது இரண்டு லெக் என்பதால் அது 65,000 ஆகிறது. விற்ற ஆப்ஷனுக்கு எக்ஸ்பைரி அன்று மேலும் 2 சதவீதம் வைக்க வேண்டும் என்று செபி 2024-ல் விதி கொண்டுவந்தது. கணக்கில் பணம் நெருக்கமாக இருந்தால் அன்று காலையில் மார்ஜின் பற்றாக்குறை வரும். கிரெடிட்டில் பாதி கைக்கு வந்ததும், அதாவது 50-க்கு விற்ற காண்டர் 25-க்குக் கிடைக்கும்போது, எடுத்துவிட்டு வெளியே வருவது நல்லது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரே நாளில் சந்தை விழுந்தால் அந்த 'அதிகபட்சம்' உண்மையிலேயே நிற்குமா?

நிற்கும், நான்கு லெக்கும் கையில் இருந்தால். 2024 ஜூன் 3 அன்று நிஃப்டி 23,263.90-ல் முடிந்தது. மறுநாள் தேர்தல் முடிவு, 21,884.50-க்கு வந்துவிட்டது. 22,800 புட்டை வெறுமனே விற்றிருந்தவருக்கு உள்மதிப்பு மட்டுமே 915 புள்ளி. அதோடு 22,600 புட்டை வாங்கி வைத்திருந்தவருக்கு 200-லிருந்து கிரெடிட்டைக் கழித்ததற்கு மேல் போக வழியே இல்லை. நிஃப்டி ஆப்ஷன் ஐரோப்பிய முறை, பணமாகத் தீர்வது. எக்ஸ்பைரிக்கு முன்னால் யாரும் உங்கள் மேல் எக்ஸர்சைஸ் செய்ய முடியாது.

உடைவது எல்லாம் நம் கையால்தான். உள்ளே போகும்போது முதலில் விங்குகளை வாங்கிவிட்டு அப்புறம் விற்க வேண்டும். வெளியே வரும்போது விற்றதை முதலில் திரும்ப வாங்கிவிட்டு விங்கைக் கடைசியில் விற்க வேண்டும். விற்ற லெக்குக்கு மட்டும் ஸ்டாப்லாஸ் போட்டு, அது அடித்ததும் தனியாக நிற்கும் விங்கைக் கவனிக்காமல் விடுவதும் நடக்கிறது. எல்லாவற்றையும்விட மோசமானது, சந்தை விழுந்த அன்று நல்ல லாபத்தில் இருக்கும் புட் விங்கை விற்று "கொஞ்சம் எடுத்துக்கொள்வது". அந்த நொடியில் 150 என்ற எண் செல்லாது.

நிஃப்டி மேல் ஸ்ட்ரைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. என்ன செய்ய?

5 நாள் மீதி இருக்கும்போது நிஃப்டி 25,420 என்று வைத்துக்கொள்வோம். மேலே விற்றதும் வாங்கியதும் சேர்ந்த கால் ஸ்ப்ரெட் 62-க்குப் போயிருக்கும், கீழே உள்ள புட் ஸ்ப்ரெட் 2-க்குள் இருக்கும். இப்போதே மூடினால் நஷ்டம் 14 புள்ளி, 910 ரூபாய். நான் பெரும்பாலும் இதைத்தான் செய்வேன்.

இல்லை, நகர்த்தித்தான் ஆக வேண்டும் என்றால் தொடப்படாத பக்கத்தை நகர்த்துங்கள். பழைய புட் ஸ்ப்ரெட்டை 2-க்கு மூடிவிட்டு, 25,100 புட்டை விற்று 24,900 புட்டை வாங்கினால் 25 கிடைக்கும். மொத்தக் கிரெடிட் 73, அதிகபட்ச நஷ்டம் 127, லாட்டுக்கு 8,255. நஷ்டம் குறைந்திருக்கிறது, ஆனால் முழு லாபம் தரும் இடம் 1,000 புள்ளியிலிருந்து 400 புள்ளியாகச் சுருங்கிவிட்டது, கீழே லாப எல்லையும் 25,027-க்கு ஏறிவிட்டது. பெட்டிக்குள் இருக்கும் நிஃப்டி மேல் விளிம்பைத் தொட்டுத் திரும்பும் என்று நம்பித்தானே முதலில் இந்த வியாபாரத்தைப் போட்டோம்? அப்படித் திரும்பி 25,000-க்கு வந்தால் இப்போது நஷ்டம். அதனால் ஒரு முறைக்கு மேல் நகர்த்த வேண்டாம். கால் ஸ்ப்ரெட்டை நஷ்டத்தில் மூடி, மேலே இரட்டை லாட்டில் மறுபடி விற்பதை எந்த நிலையிலும் செய்யாதீர்கள். அதில் புக் ஆன நஷ்டமும் புதிய அதிகபட்ச நஷ்டமும் சேர்ந்து, நீங்கள் தொடங்கும்போது ஒப்புக்கொண்ட 9,750-ஐத் தாண்டிவிடும்.