தளம் போட்ட பிறகு நின்றுபோன வீட்டுக் கடன்

கேள்வி: ரூஃப் கான்கிரீட் முடிந்து ஒரு மாதம் ஆகிறது. பில்டர் பணம் கேட்டு நச்சரிக்கிறார், பேங்கில் "ப்ராசஸில் இருக்கிறது" என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. எந்த நிபந்தனையில் நிற்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சொந்த மனையில் பில்டரிடம் ஒப்பந்தம் போட்டுக் கட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அபார்ட்மெண்ட் என்றால் நடைமுறை வேறு.

ஒத்தக்கடைப் பக்கம் எங்கள் வீட்டுக்குத் தளம் போட்டது சித்திரைத் திருவிழாவுக்கு முந்தின வாரம். ஒப்பந்தத் தொகை 40 லட்சம். அதில் லோன் 30, மார்ஜின் என்கிற கைக்காசு 10. தளம் முடிந்ததும் 25 சதவீதம், அதாவது 10 லட்சம் வேண்டும் என்று பில்டர் டிமாண்ட் லெட்டர் கொடுத்துவிட்டார். அழகர் ஆற்றில் இறங்குகிற வாரம், பேங்க் இன்ஜினியர் வரவில்லை, சரி என்று விட்டேன். திருவிழா முடிந்து மூன்று வாரம் ஆகியும் பணம் வரவில்லை. பில்டர் சென்ட்ரிங்கைப் பிரித்த கையோடு ஆட்களை வேறு சைட்டுக்கு அனுப்பிவிட்டார்.

கடைசியில் லோன் செக்‌ஷன் மேடம் முன்னால் போய் உட்கார்ந்து, "எப்ப வரும்னு கேக்கல மேடம். இன்ஜினியர் எத்தனை பெர்சன்ட் போட்டிருக்கார், என் மார்ஜின் எவ்வளவு ஏறியிருக்கு, அதை மட்டும் சொல்லுங்க" என்றேன். அதுவரை கிடைக்காத பதில் ஐந்து நிமிடத்தில் கிடைத்தது. இன்ஜினியர் ரிப்போர்ட்டில் முடிந்த வேலை 55 சதவீதம். என் பங்கு 10 லட்சத்தில் 8 மட்டுமே ஏறியிருந்தது.

பில்டரின் கணக்கில் தளம் வரை 75 சதவீதம். முன்கூட்டியே பணத்தை வாங்கிக்கொள்கிற மாதிரி அவர் ஷெட்யூல் போட்டிருந்தார், நானும் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பேங்க் அந்த ஷெட்யூலைப் பார்ப்பதில்லை, நிற்கிற கட்டடத்தைப் பார்க்கிறது. 40 லட்சத்தில் 55 சதவீதம் என்றால் 22 லட்சம். அதில் முதல் 10 லட்சம் என் பணம், மீதி 12 பேங்க் பங்கு. லிண்டல் வரைக்கும் பேங்க் ஏற்கெனவே 10 கொடுத்துவிட்டது. ஆக பில்டர் கேட்ட 10 லட்சத்துக்கு எனக்கு வரக்கூடியது வெறும் 2 லட்சம். அதுவும் என் பங்கில் குறையும் 2 லட்சத்தைக் காட்டினால்தான்.

அந்த 2 லட்சத்தை நான் ரொக்கமாகக் கொடுத்திருந்தேன். தப்புதான், கமெண்டில் யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ரசீது கேட்டால் பில்டர் தரமாட்டார். ஒருவரிடம் ஒரே நாளில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்று வருமான வரிச் சட்டத்திலேயே இருக்கிறது, வாங்கியவருக்குத்தான் அபராதம். வீட்டுக்காரியின் நகையை அடகு வைத்து, இன்னொரு 2 லட்சத்தை பில்டர் கணக்குக்கு ஆன்லைனில் அனுப்பி ஸ்டேட்மெண்ட்டைக் கொடுத்தேன். நான்காம் நாள் பேங்கின் 2 லட்சம் போனது. இந்த நாலு லட்சத்தில் உள்பூச்சு வரை முடித்துக் காட்டச் சொல்லி, மறுபடி இன்ஜினியரைக் கூப்பிட்டோம். 70 சதவீதம் போட்டார், 6 லட்சம் வந்தது.

(எம்-சாண்ட் லாரி தெருவுக்குள் வரவே முடியவில்லை. குடிதண்ணீர்க் குழாய்க்கு என்று தோண்டியவர்கள் ஐந்து மாதமாக மூடவில்லை. முனையில் கொட்டிய மணலில் கால்வாசி ராத்திரியோடு ராத்திரியாகக் காணாமல் போனது. அந்த வயிற்றெரிச்சலை எந்த பேங்க் மேல் போட?)

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். சாங்ஷன் லெட்டரின் முதல் பக்கத்தில் தொகையும் வட்டியும் இருக்கும். பணம் எப்போது, எதைக் காட்டினால் விடுவிக்கப்படும் என்பது பின்பக்கத்து நிபந்தனைகளில் இருக்கும். மார்ஜின் முதலில் போட வேண்டும் என்ற வரி என்னுடையதில் அங்கேதான் ஒளிந்திருந்தது. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கிளைக்கு மெயில் போடுங்கள்: இன்ஜினியர் வந்த தேதி, அவர் போட்ட சதவீதம், கணக்கில் ஏறிய மார்ஜின், இப்போது தகுதியான தொகை, பாக்கியிருக்கும் காகிதம். ரிப்போர்ட் நகல் தரத் தயங்குவார்கள், எண்ணைச் சொல்லிவிடுவார்கள். இன்ஜினியர் வந்த தேதியே இல்லை என்று பதில் வந்தால் பில்டரின் லெட்டர் இன்னும் மேசையிலேயே கிடக்கிறது என்று அர்த்தம். தேதி இருந்து சதவீதம் குறைவாக இருந்தால் சண்டை பேங்கோடு இல்லை, பில்டரின் ஷெட்யூலோடு.

எழுத்தில் புகார் கொடுத்து 30 நாள் பதில் இல்லையென்றால் cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். தாமதத்தைக் கேட்பார்கள். 55-ஐ 75 ஆக்கித் தரமாட்டார்கள்.

பேங்கில் வேலை பார்ப்பவர்கள் கோபிக்க வேண்டாம், அந்த மேடம் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. பில்டர் அந்த ரொக்க 2 லட்சத்தை டைல்ஸில் கழித்துக்கொள்கிறேன் என்றார். இன்னும் கழித்துக்கொண்டே இருக்கிறார்.