பூச்சு உரியும் நான்ஸ்டிக் தோசைக்கல்

"நடுவில் பூச்சு உரிந்து, தோசையில் கறுப்புத் துகள் ஒட்டி வருகிறது. சாப்பிட்டிருந்தால் ஆபத்தா? இன்னும் பயன்படுத்தலாமா?"

வயிற்றுக்குள் போன துகள்களை எண்ணி அஞ்ச வேண்டாம். இந்தப் பூச்சான டெஃப்லான் செரிக்காமல் அப்படியே வெளியேறிவிடும். ஆனாலும் அந்தக் கல்லை இனி அடுப்பில் ஏற்ற வேண்டாம் என்பதே என் கருத்து. உரிந்த இடத்தின் ஓரங்கள் ஒவ்வொரு தோசைக்கும் மேலும் பெயரும். வெள்ளையாகத் தெரியும் அலுமினியம் புளித்த மாவிலும் தக்காளியிலும் சிறிதளவு கரையும். உரிந்த பூச்சை வீட்டில் செப்பனிட வழியில்லை.

உண்மையில் கவனிக்க வேண்டியது சூடுதான். வெறும் கல்லைப் பெரிய தீயில் வைத்து மறந்துவிட்டால், ஏறத்தாழ 260 டிகிரி செல்சியஸுக்கு மேல் பூச்சு சிதையத் தொடங்கும். 350ஐத் தாண்டினால் வரும் புகை, சில மணி நேரத்தில் ஃப்ளூ காய்ச்சல் போன்ற நடுக்கத்தைத் தரக்கூடும், கூண்டுக் கிளிகளைக் கொன்றேவிடும். புதிதாக நான்ஸ்டிக்கே வாங்கினாலும் மிதமான தீயும் மரக்கரண்டியும் போதும். கம்பி நார் கூடாது.

எங்கள் வீட்டில் இரும்புக் கல்லுக்கு மாறிவிட்டோம். முதல் நான்கைந்து தோசைகள் பிய்ந்தன. நல்லெண்ணெய் தடவி, அரை வெங்காயத்தால் தேய்த்துத் தேய்த்துப் பழக்கிய பிறகு ஒட்டவில்லை. பழையதைக் காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிடலாம்.