தீபாவளி அன்று மட்டும் மீட்டிங் இல்லை: காலண்டர் கேள்வி பதில்

திங்கள்தோறும் காலை 10 மணிக்கு டீம் மீட்டிங். 2025 அக்டோபர் 20 தீபாவளி. அதை மட்டும் எடுத்தால் மற்ற திங்கள்களும் போய்விடுமா சார்? கூகுள் காலண்டர்தான்.

போகாது. 20ஆம் தேதிக் கட்டத்தையே திறந்து குப்பைத்தொட்டிப் படத்தை அழுத்துங்கள். This event, This and following events, All events என்று மூன்று வரும். முதலாவதைத் தேர்ந்தெடுத்தால் அந்த ஒரு நாள் மட்டும் போகும்.

அடுத்து, அழைப்பு பெற்றவர்களுக்கு ரத்து மெயில் அனுப்பட்டுமா என்று கேட்கும். Send கொடுங்கள். அங்கேயே "தீபாவளி விடுமுறை, 27ஆம் தேதி வழக்கம்போல் உண்டு" என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். மெயிலின் தலைப்பு Canceled event என்றுதான் தொடங்கும். தேதி அதற்குப் பிறகுதான் வரும். போனில் தலைப்பின் முதல் பாதியை மட்டும் பார்ப்பவர், இனி மீட்டிங்கே கிடையாது என்று நினைத்து 27ஆம் தேதி வராமல் இருந்துவிடுவார்.

நான் எப்போதும் Don't send தான் கொடுப்பேன். மெயில் போகாவிட்டாலும் எல்லார் காலண்டரிலும் தானாகவே மறைந்துவிடுமே? எதற்கு ஊரையே எழுப்ப வேண்டும்?

பாதி சரி. கூகுள் காலண்டர் வைத்திருப்பவர்களுக்கு மறைந்துவிடும். என்ன, சொல்லாமல் கொள்ளாமல் மறையும். மெயில் வராததால் அவர்கள் கவனிக்காமலும் போகலாம். அவுட்லுக் போன்ற வேறு காலண்டரில் இருப்பவர்களுக்கு அந்த மெயில்தான் ஒரே வழி. அது போகாவிட்டால் அவர்கள் காலண்டரில் மீட்டிங் அப்படியே நிற்கும், தீபாவளியன்று காலை மணியும் அடிக்கும்.

ரத்து மெயிலோடு ஒரு சின்னக் கோப்பு போகிறது. அதில் முக்கியமான வரிகள் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

```
METHOD:CANCEL
RECURRENCE-ID;TZID=Asia/Kolkata:20251020T100000
STATUS:CANCELLED
```

நடு வரிதான் "இந்தத் தொடரில் இந்த ஒரு நாள்" என்று சொல்கிறது. தொடரையே ரத்து செய்தால் அந்த வரி இருக்காது. வெளி நிறுவனத்தார் ஒருவர் பட்டியலில் இருந்தாலும் Send கொடுப்பதுதான் நல்லது.

போன வாரத்தோடு எங்கள் வாராந்தர வகுப்பு முடிந்தது. இனி வேண்டாமே என்று All events கொடுத்தேன். ஜூன் மாதத்திலிருந்து நடந்த வகுப்புகளும் சேர்ந்து காணோம்! ஒவ்வொன்றிலும் குறிப்பு எழுதி வைத்திருந்தேன்.

All என்றால் நடந்து முடிந்ததும் சேர்த்துத்தான். பதறாதீர்கள் அம்மா. கணினியில் காலண்டரைத் திறந்து, பல்சக்கரப் படத்தை அழுத்தி Trash உள்ளே போங்கள். நீக்கியவை சுமார் 30 நாள் அங்கே இருக்கும், திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அதற்குள் Trash-ஐக் காலி செய்துவிடாதீர்கள்.

இனிமேல் ஒரு தொடரை நிறுத்த வேண்டுமென்றால், வேண்டாத முதல் தேதியைத் திறந்து This and following events கொடுங்கள். பழையது பத்திரமாக இருக்கும், தொடர் அதற்கு முந்தைய வாரத்தோடு முடியும். அவுட்லுக்கில் இருப்பவர்களும் தொடர் முழுவதையும் ரத்து செய்யாமல், அதன் முடிவுத் தேதியை மாற்றி அப்டேட் அனுப்பினால் போதும். முழுத் தொடரையும் ரத்து செய்தால், மெயிலைப் பார்த்து நீக்குகிற மற்றவர்களிடமிருந்தும் பழைய பதிவுகள் போய்விடும்.

எனக்கும் இதே தொல்லைதான். மீட்டிங்குக்கு 10 நிமிடம் முன்னால் போன் அலறுகிறது. கூட்டுபவர் எங்கள் மேனேஜர். நோட்டிபிகேஷன் வராமலிருக்க நான் அதை என் காலண்டரிலிருந்து நீக்கிவிடலாமா?

ஐயோ, வேண்டாம். நீங்கள் சொல்வது நினைவூட்டல். இங்கே பேசுவது ரத்து அறிவிப்பு. அழைக்கப்பட்டவர் நீக்கினால் மீட்டிங் ரத்தாகாது, மற்றவர்களிடம் அப்படியே இருக்கும். ஆனால் மேனேஜரின் பட்டியலில் நீங்கள் வர மறுத்ததாகக் காட்டும். தொடர் முழுவதையும் நீக்கினால் எல்லா வாரத்துக்கும் மறுப்பு. மீட்டிங்கைத் திறந்து, நினைவூட்டல் வரியை மட்டும் எடுத்துவிடுங்கள். அந்த மாற்றம் உங்களுக்கு மட்டும்தான்.

எங்கள் வாடிக்கையாளருக்கு ரத்து மெயில் போய்ச் சேர்ந்துவிட்டது, அவரே சொன்னார். ஆனாலும் அவர் ஐபோனில் 20ஆம் தேதி மீட்டிங் நிற்கிறதாம். என்ன காரணம்?

அவர் போனில் அந்த மீட்டிங்கைத் திறந்து, எந்தக் காலண்டரில் இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். அலுவலக முகவரிக்கு வந்த அழைப்பைத் தன் சொந்த முகவரிக்கு ஃபார்வர்ட் செய்து அங்கேயும் சேர்த்திருந்தால், அது தனி நகல். ரத்து அலுவலகக் காலண்டருக்கு மட்டும்தான் எட்டும். நகலை அவரே கையால் நீக்க வேண்டியதுதான்.

அலுவலகக் காலண்டரிலேயே நிற்கிறது என்றால், ரத்து மெயிலை அவுட்லுக்கில் திறந்து Remove from Calendar அழுத்தினாரா என்று கேளுங்கள். சிலர் மெயிலைப் படித்ததோடு விட்டுவிடுவார்கள். அதையும் செய்துவிட்டார் என்றால், அந்த மெயிலோடு வந்த கோப்பைப் பார்க்காமல் என்னால் சொல்ல முடியாது.